புது போனை முதல் நாளே வாங்கலாமா? விலைக்குப் பின்னால் இருக்கும் இரண்டு கணக்குகள்

2007 ஜூன் 29. அமெரிக்காவில் முதல் ஐபோன் விற்பனைக்கு வந்த நாள். 8 ஜிபி மாடலின் விலை 599 டாலர். ஆப்பிள் கடைகளின் வாசலில் இரவெல்லாம் காத்திருந்து வாங்கியவர்கள் உண்டு.

அதே ஆண்டு செப்டம்பர் 5. அதே 8 ஜிபி போனின் விலை இனிமேல் 399 டாலர் என்று மேடையில் அறிவித்தார் ஸ்டீவ் ஜாப்ஸ். இடையில் போனில் எந்த மாற்றமும் இல்லை. வெறும் 68 நாளில் 200 டாலர் குறைந்துவிட்டது.

ஏழு ஆண்டுகள் கழித்து இந்தியாவில் இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்தது. 2014 ஜூலையில் ஷாவ்மி என்ற சீன நிறுவனம் எம்ஐ 3 என்ற போனை 13,999 ரூபாய்க்கு ஃபிளிப்கார்ட்டில் இறக்கியது. அதே ஸ்னாப்டிராகன் 800 சிப் உள்ள நெக்ஸஸ் 5, அதற்கு எட்டு மாதங்களுக்கு முன்பு இங்கே 28,999 ரூபாய்க்கு அறிமுகமாகியிருந்தது. ஏறக்குறைய பாதி விலைதான். சில சுற்றுகளில் எம்ஐ 3 சில விநாடிகளிலேயே விற்றுத் தீர்ந்தது.

ஒரு நிறுவனம் உச்சத்தில் தொடங்கி இறங்கியது. இன்னொன்று அடிமட்டத்திலேயே தொடங்கியது. இரண்டுமே தெரிந்து எடுத்த முடிவுகள். முதல் நாள் விலையை வைத்து ஒரு நிறுவனம் லாபத்தை மட்டும் தீர்மானிப்பதில்லை. தன் முதல் வாடிக்கையாளர் யார், அவர் பின்னாளில் என்ன எதிர்பார்ப்பார் என்பதையும் சேர்த்தே தீர்மானிக்கிறது.

ஸ்கிம்மிங், பெனட்ரேஷன்: என்ன வித்தியாசம்?

காய்ச்சிய பாலில் மேலே படியும் ஆடையை முதலில் எடுப்போம் இல்லையா? ஸ்கிம்மிங் என்ற சொல் அங்கிருந்து வந்ததுதான். எவ்வளவு விலை சொன்னாலும் வாங்கத் தயாராக இருக்கும் சிறு கூட்டத்திடம் முதலில் அதிக விலைக்கு விற்பது, அவர்கள் வாங்கி முடித்ததும் விலையைக் குறைத்து அடுத்த கூட்டத்துக்குப் போவது. இதுதான் ஸ்கிம்மிங்.

பெனட்ரேஷன் என்றால் உள்ளே நுழைவது. லாபம் குறைந்தாலும் பரவாயில்லை என்று முதல் நாளே குறைந்த விலை வைத்து, ஒரே மூச்சில் நிறைய பேரின் கைக்குள் பொருளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. நம் ஊர் விளம்பரங்களில் வரும் 'அறிமுக விலை' இந்த வகைதான்.

புதுப் பொருளுக்கு விலை வைப்பதில் இந்த இரண்டு வழிகளையும் எதிரெதிராக வைத்து விளக்கியவர் அமெரிக்கப் பொருளாதார நிபுணர் ஜோயல் டீன். 1950-ல் ஹார்வர்டு பிசினஸ் ரிவியூ இதழில் அவர் எழுதிய கட்டுரைதான் இன்றைக்கும் எம்பிஏ வகுப்புகளில் சொல்லித்தரப்படும் பாடத்துக்கு அடிப்படை.

ஒரு சின்னக் கணக்கு

ஒரு கற்பனை ஸ்மார்ட் வாட்ச்சை எடுத்துக்கொள்வோம். ஒன்றைச் செய்ய நிறுவனத்துக்கு 3,000 ரூபாய் செலவாகிறது. வாங்க ஆசைப்படுவோர் 1,000 பேர். அதில் 100 பேர் 15,000 ரூபாய் வரை கொடுப்பார்கள். 300 பேர் 9,000 வரை. மீதி 600 பேர் 5,000-க்கு மேல் போக மாட்டார்கள்.

முதல் நாளே 5,000 ரூபாய் என்று வைத்தால் 1,000 பேரும் வாங்குவார்கள். ஒரு வாட்ச்சில் 2,000 ரூபாய் லாபம். மொத்தம் 20 லட்சம்.

இதையே படிப்படியாக இறக்கினால்? முதலில் 15,000-க்கு 100 பேரிடம் விற்றால் லாபம் 12 லட்சம். பிறகு 9,000-க்கு 300 பேரிடம் 18 லட்சம். கடைசியில் 5,000-க்கு 600 பேரிடம் 12 லட்சம். மொத்தம் 42 லட்சம். அதே வாட்ச், அதே 1,000 பேர், ஆனால் லாபம் இரண்டு மடங்குக்கும் மேல்.

அப்படியென்றால் எல்லோரும் ஸ்கிம்மிங்கே செய்யலாமே? அங்கேதான் சிக்கல். 15,000 கொடுக்கத் தயாராக இருக்கும் அந்த 100 பேரும் விவரமானவர்கள். 'ரெண்டு மாசம் வெயிட் பண்ணா 9,000-க்கு வந்துடும்' என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டால் கணக்கே மாறிவிடும். பாதிப் பேர் காத்திருந்தால் லாபம் 39 லட்சமாகக் குறையும். எல்லோரும் காத்திருந்தால் உச்ச விலையில் ஒரு வாட்ச்கூட விற்காது.

இந்தச் சிக்கலை 1972-லேயே எழுதியவர், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ரொனால்டு கோஸ். பல ஆண்டுகள் உழைக்கும் ஒரு பொருளை விற்பவருக்குப் போட்டியே இல்லை என்றாலும், நாளை அவரே குறைக்கப்போகும் விலைதான் இன்றைய விலைக்குப் போட்டி என்பது அவர் வாதத்தின் சாரம். ஆகவே ஸ்கிம்மிங் பலிக்க ஒரு நிபந்தனை உண்டு. விலை இப்போதைக்கு இறங்காது என்று முதலில் வாங்குபவர் நம்ப வேண்டும்.

ஐபோனில் என்ன நடந்தது?

2007-ல் ஆப்பிள் உடைத்தது இந்த நம்பிக்கையைத்தான். முதல் ஐபோனை வாங்கியவர்கள் சும்மா பணக்காரர்கள் மட்டும் இல்லை. அந்த போனில் 3ஜி கிடையாது. ஆப் ஸ்டோர் கிடையாது, அது 2008 ஜூலையில்தான் வந்தது. ஒரு வரியை காப்பி செய்து ஒட்டக்கூட முடியாது. இத்தனைக்கும் 599 டாலர் கொடுத்ததோடு, ஏடி அண்ட் டி நிறுவனத்துடன் இரண்டு ஆண்டு ஒப்பந்தமும் போட வேண்டும். குறைகளைப் பொறுத்துக்கொண்டு, கடையில் பார்த்தவர்களிடமும் அலுவலகத்தில் கேட்டவர்களிடமும் போனை எடுத்துக் காட்டி, ஆப்பிளுக்குக் காசு வாங்காத விளம்பரதாரர்களாக இருந்தவர்கள் இவர்கள்.

ஸ்கிம்மிங் விலை இப்படிப்பட்டவர்களைத்தான் பொறுக்கி எடுக்கும். அவர்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம் போனுக்கு மட்டுமானதல்ல; 'எல்லோருக்கும் முன்னால் என்னிடம் இருக்கிறது' என்பதற்கும் சேர்த்துத்தான். அந்த 'முன்னால்' எவ்வளவு காலம் நீடிக்கிறது என்பதே அவர்கள் வாங்கிய சரக்கின் ஒரு பகுதி. ஆப்பிள் கொடுத்தது 68 நாள்.

கோபக் கடிதங்கள் குவிந்தன. கடைசி 14 நாளில் வாங்கியவர்களுக்கு மட்டும் வித்தியாசத்தைத் திருப்பித் தரும் வழக்கமான விதி இருந்தது. ஜூன், ஜூலையில் வரிசையில் நின்றவர்களுக்கு அது உதவாது. மறுநாளே ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். பண்டிகைக் கால விற்பனைக்கு விலைக் குறைப்பு சரியான முடிவுதான் என்று சொல்லிவிட்டு, முதலில் நம்பி வாங்கியவர்களை இன்னும் நன்றாகக் கவனித்திருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். ஆப்பிள் கடையில் செலவழித்துக்கொள்ள ஆளுக்கு 100 டாலர் கிரெடிட் கொடுத்தார். இழந்த 200 டாலரில் பாதிதான் அது, அதுவும் ரொக்கமாக இல்லை.

வியாபாரக் கணக்கில் ஆப்பிளுக்கு இது தோல்வி இல்லை. விற்பனை தொடங்கிய 74-வது நாளில் பத்து லட்சமாவது ஐபோன் விற்றது. ஆனால் நிறுவனம் ஒரு பாடம் கற்றுக்கொண்டது என்பது அதன் பிந்தைய வழக்கத்தில் தெரிகிறது. புது மாடல் வந்த சில வாரங்களில் அதன் பட்டியல் விலையை வெட்டுவது நின்றது. அடுத்த மாடல் வரும்போது பழைய மாடல் ஒரு படி கீழே இறங்கும் என்ற முறை வந்தது. 2009-ல் ஐபோன் 3ஜிஎஸ் வந்தபோது, ஒரு வருடம் பழைய ஐபோன் 3ஜி ஒப்பந்தத்துடன் 99 டாலருக்கு இறங்கியது இப்படித்தான்.

இதுவும் ஸ்கிம்மிங்தான். ஆனால் காலண்டர் போட்ட ஸ்கிம்மிங். முதல் நாள் வாங்குபவருக்கு, தன் போன் ஏறக்குறைய ஒரு வருடம் 'புது போன்' ஆகவே இருக்கும் என்று தெரியும். காத்திருக்க விரும்புபவருக்கு எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்பது தெரியும். இருவரும் ஏமாந்ததாக நினைப்பதில்லை.

ஷாவ்மி எப்படி அந்த விலைக்குக் கொடுத்தது?

இப்போது அடுத்த பக்கம். 13,999 ரூபாய்க்கு அவ்வளவு நல்ல போன் எப்படிச் சாத்தியம்?

முதல் காரணம், எம்ஐ 3 உண்மையில் புத்தம் புது போன் இல்லை. 2013 செப்டம்பரில் சீனாவில் 1,999 யுவானுக்கு அறிமுகமானது. இந்தியாவுக்கு வருவதற்குள் பத்து மாதம் ஓடிவிட்டது. சிப், திரை, மெமரி என உதிரிபாகங்களின் விலை மாதாமாதம் இறங்கும் தொழில் இது. அடுத்து, கடைகள் இல்லை, விநியோகஸ்தர் கமிஷன் இல்லை, ஆன்லைனில் மட்டும் விற்பனை. முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும், குறிப்பிட்ட எண்ணிக்கையில், குறிப்பிட்ட நேரத்தில் ஃபிளாஷ் சேல். கையில் சரக்கு தேங்காது.

மூன்றாவது காரணம்தான் முக்கியம். லாபத்தை போனிலேயே எடுக்க வேண்டும் என்று ஷாவ்மி நினைக்கவில்லை. 2018 ஏப்ரலில், தனது ஹார்டுவேர் தொழிலின் நிகர லாபம் மொத்தத்தில் 5 சதவீதத்தைத் தாண்டாது என்று நிறுவனமே வெளிப்படையாக அறிவித்தது. மீதி வருமானம் இணைய சேவைகளிலிருந்து, அதாவது போனுக்குள் வரும் விளம்பரம், ஆப், கேம் ஆகியவற்றிலிருந்து வர வேண்டும். அதற்கு நிறைய கைகளில் போன் இருக்க வேண்டும். ஆக, குறைந்த விலை என்பது அன்பளிப்பு அல்ல. வாங்கியவர் பிறகு தவணை முறையில், தன் கவனத்தைக் கொடுத்துக் கட்டும் பாக்கி அது.

ரெட்மி போன் வைத்திருந்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது. ஃபைல் மேனேஜர் போன்ற சாதாரண இடங்களில்கூட விளம்பரம் வந்ததையும், அதை அணைக்க ஒவ்வொரு ஆப்பாகப் போய் செட்டிங்ஸ் தேட வேண்டியிருந்ததையும் பலர் பார்த்திருப்பார்கள்.

குறைந்த விலை எந்த வாடிக்கையாளரை உருவாக்கியது?

ஸ்கிம்மிங் பொறுமை இல்லாத ஆர்வலரைத் தேர்ந்தெடுக்கும் என்றால், பெனட்ரேஷன் கணக்குப் போடும் வாடிக்கையாளரைத் தேர்ந்தெடுக்கும். சிப் என்ன, ரேம் எவ்வளவு, இதே விலைக்கு வேறு யார் என்ன தருகிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்த்து வந்தவர் அவர். 'இந்தக் காசுக்கு இதைவிட நல்லது கிடைக்காது' என்று நண்பர்களிடம் சொல்லி வாங்க வைப்பவரும் அவர்தான். அப்படித்தான் 2017 இறுதிக்குள் ஷாவ்மி இந்திய ஸ்மார்ட்போன் சந்தையின் உச்சிக்கு வந்தது.

ஆனால் அதே வாடிக்கையாளர் அடுத்த போனுக்கும் அதே அளவுகோலோடு வருவார். எம்ஐ 3-க்கு அடுத்த மாடலான எம்ஐ 4, 2015 ஜனவரியில் 19,999 ரூபாய்க்கு இந்தியாவுக்கு வந்தது. அதன் தரத்துக்கு அது அதிகம் என்று சொல்ல முடியாது. இருந்தாலும் '13,999-க்குக் கொடுத்த கம்பெனிதானே' என்ற எண்ணம் வாங்குபவர் மனதில் பதிந்திருந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் அதன் விலை 14,999-க்கு இறங்கியது.

முதல் விலை மனதில் ஒரு ஆணி அடித்துவிடும். பிறகு வரும் எல்லா விலைகளும் அந்த ஆணியிலிருந்துதான் அளக்கப்படும். மேலிருந்து கீழே வருவது எந்த நிறுவனத்துக்கும் எளிது. கீழிருந்து மேலே ஏறுவது மிகக் கடினம். 2019 ஜனவரியில் ரெட்மியைத் தனி பிராண்டாகப் பிரித்தது ஷாவ்மி. மலிவு விலைக்கு ரெட்மி, விலை உயர்ந்த போன்களுக்கு எம்ஐ என்று பெயரையே பிரிக்க வேண்டி வந்ததற்குப் பின்னால் இந்தச் சிக்கலும் உண்டு.

தவறான வழியைத் தேர்ந்தெடுத்தால்?

2011 மார்ச்சில் நின்டென்டோ நிறுவனம் 3டிஎஸ் என்ற கையடக்க கேம் கருவியை அமெரிக்காவில் 249.99 டாலருக்கு இறக்கியது. கண்ணாடி இல்லாமலேயே 3டி தெரியும் என்பது அதன் சிறப்பு. அதிக விலை கொடுத்தாவது ரசிகர்கள் வாங்குவார்கள் என்பது கணக்கு. விற்பனை எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. ஐந்தே மாதத்தில், ஆகஸ்டில், விலை 169.99 டாலராக வெட்டப்பட்டது.

வெளியிலிருந்து பார்த்தால் இதுவும் ஐபோன் கதை போலவே தெரியும். உள்ளே வேறு. ஐபோன் முதல் நாளிலேயே அதற்குரிய வேலையைச் செய்தது. கேம் கருவி அப்படியல்ல. நிறைய கேம்கள் இருந்தால்தான் அதை வாங்குவார்கள். நிறைய பேர் வாங்கினால்தான் நிறுவனங்கள் அதற்கு கேம் செய்யும். இப்படி ஒருவர் வாங்குவதன் பயன் மற்றவர்கள் வாங்குவதைப் பொறுத்திருக்கும் பொருளில், சிறு கூட்டத்திடம் மட்டும் அதிக விலைக்கு விற்றால் அந்தக் கூட்டமே பாதிக்கப்படும். 3டிஎஸ் வந்தபோது விளையாட நல்ல கேம்கள் குறைவு. முதலில் வாங்கியவர்கள் அதிக விலை கொடுத்து, குறைந்த பயனைப் பெற்றார்கள்.

ஆனால் அவர்களைச் சமாதானப்படுத்திய விதத்தில் நின்டென்டோ கெட்டிக்காரத்தனம் காட்டியது. விலைக் குறைப்புக்கு முன் வாங்கியவர்களுக்கு 'அம்பாசடர்' என்று பெயர் கொடுத்து, 20 பழைய கேம்களை இலவசமாகத் தந்தது. அதில் கேம் பாய் அட்வான்ஸ் கருவிக்கான 10 கேம்கள் பிறகும் 3டிஎஸ்ஸில் வேறு யாருக்கும் விற்கப்படவே இல்லை. ஆப்பிள் திருப்பிக் கொடுத்தது பணத்தில் ஒரு பங்கை. நின்டென்டோ திருப்பிக் கொடுத்தது 'நீங்கள்தான் முதலில் வந்தவர்கள்' என்ற அடையாளத்தை. முதலில் வாங்குபவர் கூடுதல் பணம் கொடுப்பது பெரும்பாலும் அந்த அடையாளத்துக்குத்தான்.

குறைந்த விலை என்றால் மொத்தச் செலவும் குறைவா?

கட்டாயம் இல்லை. ஆப்பிளின் அடுத்த கதையிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. 2008 ஜூலையில் வந்த ஐபோன் 3ஜியின் 8 ஜிபி மாடல் அமெரிக்காவில் இரண்டு ஆண்டு ஒப்பந்தத்துடன் 199 டாலர். முந்தைய மாடல் 399. பார்த்தால் 200 டாலர் லாபம்.

ஆனால் மாத டேட்டா கட்டணம் 20 டாலரிலிருந்து 30 டாலராக ஏறியிருந்தது. மாதம் 10 டாலர் வீதம் 24 மாதத்துக்கு 240 டாலர். போனில் மிச்சமான 200-ஐ விட 40 டாலர் அதிகம். 3ஜி வேகம் கிடைத்தது என்பது உண்மை. ஆனால் வாசலில் எழுதியிருந்த விலை குறைந்ததே தவிர, மொத்தமாக வெளியே போன பணம் குறையவில்லை.

வாங்குபவர் எதைப் பார்க்க வேண்டும்?

ஒரு புது கேட்ஜெட்டின் விலை இறங்குமா, நிலைக்குமா என்பதைச் சில அறிகுறிகளை வைத்து ஓரளவு கணிக்கலாம்.

முதலில், அதே சிப், அதே வகைத் திரையோடு போட்டியாளர் யாராவது குறைந்த விலைக்குத் தருகிறார்களா என்று பார்க்க வேண்டும். தந்தால், உச்ச விலை அதிக நாள் தாக்குப்பிடிக்காது. வேறு யாரிடமும் இல்லாத ஒன்று உள்ளே இருந்தால், விலை சீக்கிரம் இறங்காது.

இரண்டாவது, அந்த நிறுவனத்தின் முந்தைய மாடல்களின் விலை எப்போது, எவ்வளவு இறங்கியது என்று பார்க்க வேண்டும். பழைய அறிமுகச் செய்தியையும் இன்றைய விலையையும் ஒப்பிட்டாலே விடை கிடைத்துவிடும். மூன்று மாதத்தில் விலையை வெட்டும் பழக்கம் உள்ள நிறுவனத்தின் போனை முதல் வாரத்தில் இஎம்ஐ போட்டு வாங்குவது யோசிக்க வேண்டிய விஷயம். கடையில் விலை குறைந்தாலும் தவணை குறையாது. எக்ஸ்சேஞ்ச் மதிப்பும் அன்றைக்கே சேர்ந்து இறங்கிவிடும்.

மூன்றாவது, விலை ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவாக இருந்தால், நிறுவனம் வேறு எங்கே சம்பாதிக்கிறது என்று கேட்க வேண்டும். மாதச் சந்தா, அதே நிறுவனத்தின் ரீஃபில், விளம்பரம், விலை உயர்ந்த சார்ஜர் என்று ஏதாவது ஒன்று இருக்கும். இரண்டு ஆண்டுகளுக்கு அந்தச் செலவையும் சேர்த்துக் கூட்டினால்தான் உண்மையான விலை தெரியும். 'அறிமுக விலை' என்று போட்டிருந்தால், அது எந்தத் தேதி வரை என்பதையும், வங்கிக் கார்டு சலுகையைக் கழித்துச் சொன்ன விலையா என்பதையும் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

காத்திருப்பதும் இலவசம் இல்லை. அந்தப் பொருள் இல்லாமல் கழியும் மாதங்கள்தான் அதன் விலை. வேலைக்கே இன்று தேவைப்படுகிறது என்றால், மூன்று மாதம் கழித்து மிச்சமாகும் 3,000 ரூபாயை விட அந்த மூன்று மாதப் பயன் பெரிதாக இருக்கலாம். தேவை அவ்வளவு அவசரம் இல்லை என்றால், அறிமுக நாளில் வரிசையில் நிற்பவர் கொடுக்கும் கூடுதல் பணத்தில், பொறுத்திருப்பவரின் குறைந்த விலைக்கும் ஒரு பங்கு இருக்கிறது.